‘நிலா’ ஏன் ‘நீலா’ ஆனது? சிறுவர் பாடல் இசைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிறுவர் பாடல் தொகுப்புக்கு இசையமைத்த குழுவினருக்கு,

மெட்டு முடிவாகிவிட்டது, ஒலிப்பதிவில் உள்ளபடியேதான் கற்றுத்தர வேண்டும், நீட்டுவதிலும் குறுக்குவதிலும் யாரும் கைவைக்கக் கூடாது என்று எங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். உச்சரிப்பை நல்ல பாடகர் பார்த்துக்கொள்வார் என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. இரண்டையும் எங்களால் ஏற்க முடியவில்லை.

தொகுப்பில் உள்ள ஒரு பாடலின் முதல் வரி: ‘நிலா வரும் மலை மேலே’. ஒலிப்பதிவில் காதில் விழுவது: ‘நீலா வாரும் மாலை மேலே’. நான்கு சொற்களில் மூன்று வேறு சொற்களாகிவிட்டன. வரியைப் பார்த்துக்கொண்டே கேட்கும் பெரியவருக்கு இது உறைக்காது. கண் படித்ததைக் காது கேட்டதாக எடுத்துக்கொள்ளும். எழுத்துக் கூட்டத் தொடங்காத குழந்தைக்கு அந்த வசதி இல்லை. காதில் விழுவதுதான் சொல். பாட்டில் ‘நீலா’ என்று பிடித்துக்கொண்ட பிள்ளைகள் பின்னர் நிலா என்று எழுதச் சொன்னாலும் ‘நீலா’ என்றே எழுதுகிறார்கள். ‘மலையை வரை’ என்றால் பூமாலை வரைகிறார்கள். பாட்டு கற்றுத்தரும் நாங்கள் இதைத்தான் வகுப்பில் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

என்ன நடந்திருக்கிறது என்பதைச் சுரத்தோடு வைத்துப் பார்ப்போம். வரிக்கு நான்கு தட்டு. ஒரு தட்டை நான்கு பங்காக்கினால் மொத்தம் 16 பங்கு. ஒற்றை நீக்கி எண்ணினால் வரியில் 8 எழுத்துகள். நீங்கள் 16-ஐ 8-ஆல் வகுத்து, ஆளுக்கு 2 பங்கு கொடுத்துவிட்டீர்கள். காற்புள்ளி ஒவ்வொன்றும் முன் உள்ள ஒலி இன்னொரு பங்கு நிற்பதைக் குறிக்கிறது.

ஸ , ரி , | க , ப , | த , ப , | க , ரி ,
நி , லா , | வ , ரும் , | ம , லை , | மே , லே ,

தாளில் பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்துகள் சம அளவுக்காரர்கள் அல்ல. குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை. இது ஏட்டு இலக்கணம் மட்டுமன்று. நிலம் வேறு, நீலம் வேறு என்று நம் காது பிரித்தறிவதே இந்த அளவை வைத்துத்தான். மலை–மாலை, படம்–பாடம், விதி–வீதி, குடை–கூடை, கொடி–கோடி, உடல்–ஊடல் என்று எத்தனை இணைகள் வேண்டுமானாலும் சொல்லலாம். ‘நி’க்கும் ‘லா’வுக்கும் ஒரே நீளம் கொடுத்ததும் காதுக்கு இரண்டும் நெடில்தான். அதிலும் ‘நி’ தட்டின் மேல் விழுவதால் இன்னும் அழுத்தமாக ‘நீ’ ஆகிறது.

நீளத்தைக் காது தனியாக அளப்பதில்லை, பக்கத்து எழுத்தோடு ஒப்பிட்டே அளக்கிறது. அதனால் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற உங்கள் யோசனையும் உதவாது. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு தட்டு ஒரு நொடி. உங்கள் மெட்டில் ‘நி’ அரை நொடி, ‘லா’ அரை நொடி. 120 தட்டாக்கினால் இரண்டும் கால் நொடி. விகிதம் அதேதான், ‘நீலா’வும் அதேதான், கொஞ்சம் அவசரமாக ஒலிக்கும், அவ்வளவே. குறிலைப் போல நெடில் குறைந்தது இரு மடங்காவது நிற்க வேண்டும். பாட்டில் மும்மடங்கு கொடுத்தால் இன்னும் தெளிவு.

இனி பாடகர் பார்த்துக்கொள்வார் என்ற வாதம். ஓரளவுக்கு அவரால் முடியும், எங்கே முடியும் என்பதற்குத் தெளிவான எல்லை உண்டு. குறிலுக்குப் பின் மெல்லின ஒற்றோ, ய், வ், ல், ள் ஆகியவற்றில் ஒன்றோ வந்தால், உயிரைச் சட்டென்று விட்டுவிட்டு ஒற்றில் நிற்கலாம். ‘கண்ணே’ என்பதில் ‘க’வைத் தொட்டுவிட்டு ‘ண்’ணில் நின்றால் நீளம் நிரம்பிவிடும், சொல்லும் கெடாது. ‘கா’ என்று இழுத்துவிட்டு ஒற்றுக்கு வந்தால்தான் ‘காண்ணே’ ஆகிறது. நன்னூல் இதை ஒற்றளபெடை என்று சொல்லி, நீளக்கூடிய ஒற்றுகளையும் பட்டியலிடுகிறது: ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள், கூடவே ஆய்தம். வல்லினம் அதில் இல்லை, ஏனென்றால் வல்லின ஒற்றில் மூச்சு அடைபடுகிறது, நீட்ட ஒலியே இல்லை. ‘பட்டு’ என்ற சொல்லுக்கு நீண்ட சுரம் வந்தால் ‘ப’வைச் சொல்லி ‘ட்’டில் வாயை அடைத்து, மீதிப் பங்கை மௌனமாக விட்டு, கடைசிப் பங்கில் ‘டு’ சொல்ல வேண்டும். சுரத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று ‘ப’வை இழுத்தால் பட்டு பாட்டாகிவிடும்.

ஒற்றில் நிற்பதற்கும் அளவு உண்டு. ‘ம்’ என்று உதடு மூடினால் ஒலியின் கனம் இறங்கிவிடுகிறது. சிறுவர் குரலில் நெடுநேரம் அது தாங்காது. மேல் ஸ்தாயியில் ‘ன்’னிலோ ‘ல்’லிலோ நிற்கச் சொன்னால் குரல் இறுகும்.

ஆனால் ‘நிலா’வின் ‘நி’க்கும் ‘மலை’யின் ‘ம’வுக்கும் பின்னால் ஒற்றே இல்லை. அடுத்து வருவது உயிர்மெய். அந்தக் குறில் மேல் 2 பங்குச் சுரத்தை வைத்துவிட்டால் எந்தப் பாடகராலும் ஒன்றும் செய்ய முடியாது. நிற்க ஒற்று இல்லை. உயிரில் நின்றால் சொல் மாறும், நிற்காமல் விட்டால் உங்கள் சுரம் குறையும். அதைச் சரிசெய்யக் கூடியவர் மெட்டமைத்தவர் மட்டுமே. ஆகவேதான் இந்த மடல் பாடகருக்கு எழுதப்படவில்லை.

திருத்தம் பெரிய வேலை இல்லை. சுரங்களை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் பங்கை மட்டும் மாற்றிப் பிரித்தால் போதும்.

ஸ ரி , , | க ப , , | த ப , , | க , ரி ,
நி லா , , | வ ரு ம் , | ம லை , , | மே , லே ,

அதே சுரங்கள், அதே வரிசை, அதே 16 பங்கு. ‘நி’ 1 பங்கு, ‘லா’ 3 பங்கு. ‘ரு’ 1 பங்கில் முடிந்து ‘ம்’ 2 பங்கு நிற்கிறது. ‘லை’ 3 பங்கு நிற்பது குறித்துத் தயங்க வேண்டாம். சொல்லின் கடைசி ஐகாரம் பேச்சில் குறுகி 1 மாத்திரையாகவே ஒலிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை நீட்டினால் வேறொரு சொல் பிறப்பதில்லை. நீட்ட வேண்டிய கட்டாயம் வரும்போது இப்படிப்பட்ட இடங்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு சிறு இழப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. முன்பு தைவதம் 2 பங்கு நின்றது, இப்போது 1 பங்கில் உரசிக்கொண்டு போகிறது. தைவதத்தில் நிற்பதுதான் அந்த வரியின் அழகு என்று நீங்கள் கருதினால் மூன்றாம் தட்டை மட்டும் ‘ப த , ,’ என்று திருப்பிப் போடுங்கள். ‘ம’ பஞ்சமத்தைத் தொடும், ‘லை’ தைவதத்தில் நிற்கும். உச்சச் சுரமும் நீளக்கூடிய எழுத்தும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுவதால் முன்பிருந்ததைவிடவும் நன்றாகவே ஒலிக்கிறது என்பது எங்கள் கருத்து.

தட்டு விழும் எழுத்து நீண்டுதான் ஆக வேண்டும் என்ற எண்ணம் உங்கள் மெட்டுகள் முழுக்கத் தெரிகிறது. தட்டு வேறு, நீளம் வேறு. தமிழில் சொல்லின் முதலெழுத்தில் தட்டு விழுவது இயல்பு, அது குறிலாக இருந்தாலும் சரி. தட்டு விழுந்த உடனே அதை விட்டுவிட்டு நெடிலுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். மத்தளம் ‘நி’யில் அடிக்கட்டும், குரல் ‘லா’வில் நிற்கட்டும். அது பிடிக்கவில்லை என்றால் ‘நி’யைத் தட்டுக்கு 1 பங்கு முன்னாலேயே எடுத்து, ‘லா’வைத் தட்டின் மேல் இறக்கலாம். அப்போது சொல்லின் நடுவே மூச்சு விடாமல் இருக்க வேண்டும். ‘நி’ முந்திய வரியின் வாலாக ஒட்டிக்கொண்டால் யாப்பில் வகையுளி என்கிறோமே, அதே குற்றம் இசையில் வந்துவிடும்.

இரண்டாம் சரணத்தில் சிக்கல் தலைகீழாகிறது. அங்கே வரி ‘காடு மேடு தாண்டி ஓடி’. ஒவ்வொரு சொல்லும் நெடிலில் தொடங்கிக் குறிலில் முடிகிறது, முதல் சரணத்தின் ‘நிலா’வுக்கு நேர் எதிர். இப்போது நாங்கள் மேலே கொடுத்த பங்கையே இதற்கும் வைத்தால் ‘கடூ மெடூ தண்டீ’ என்று வரும். ஒரு வரிக்குச் சரியான மெட்டு அடுத்த சரணத்துக்கும் சரியாக இருக்கும் என்று நம்பி, சரணங்களுக்குச் சுரம் எழுதாமல் ‘மேற்படி மெட்டு’ என்று விட்டுவிடுவதுதான் தொகுப்பில் பாதிக் குற்றங்களுக்குக் காரணம். இரண்டாம் சரணத்துக்குத் தனியாக இப்படி எழுத வேண்டும்:

ஸ , , ரி | க , , ப | த , , ப | க , , ரி
கா , , டு | மே , , டு | தா , ண் டி | ஓ , , டி

மீண்டும் அதே சுரங்கள்தான். கேட்பவர் இதை வேறு மெட்டு என்று சொல்லமாட்டார். ‘காடு’, ‘மேடு’ ஆகியவற்றின் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அதை எந்தக் காரணத்துக்காகவும் நீட்டக் கூடாது. ‘காடூ’, ‘பாட்டூ’ என்று முடியும் வரிகள் உங்கள் ஒலிப்பதிவில் பல உள்ளன. பெரும்பாலும் வரியின் கடைசிச் சுரம் நீளமாக இருப்பதால் இது வருகிறது. அங்கே பாடலாசிரியரிடம் சொல்லி, வரியை நெடிலிலோ மெல்லின ஒற்றிலோ முடிக்கச் சொல்லுங்கள். ‘மேலே’, ‘வானம்’, ‘வா வா’ எல்லாம் நீண்ட சுரத்தை இயல்பாகத் தாங்கும். அது முடியாவிட்டால் கடைசிக்கு முந்திய நெடிலில் நின்று, இறுதிப் பங்கில் உகரத்தை வைத்து முடியுங்கள்.

இந்தப் பிழைகள் எங்கே நுழைகின்றன என்பதும் எங்களுக்குத் தெரிகிறது. மெட்டை ‘லா லா லா’ என்று முனகிப் போடுகிறீர்கள். ‘லா’ நெடில். எட்டு ‘லா’ போட்டால் எட்டு நெடிலுக்கான மெட்டுதான் கிடைக்கும். நம்மிடம் இதற்கென்றே சந்தக் குழிப்பு இருக்கிறது: இரு குறிலுக்குத் தன, நெடிலும் குறிலும் சேர்ந்தால் தான, குறிலை அடுத்து மெல்லின ஒற்று வந்தால் தந்த, வல்லின ஒற்று வந்தால் தத்த. ‘நிலா வரும் மலை மேலே’ என்பதைத் ‘தனா தனம் தன தானா’ என்று பாடிக்கொண்டே மெட்டைத் தேடினால் ‘நீலா’ வர வழியே இல்லை. ‘காடு மேடு’ என்பது ‘தான தான’ என்று வரும்போதே இது வேறு அச்சு என்று நாக்கு சொல்லிவிடும்.

அடுத்தது, ஒலிப்பதிவுக் கூடத்தில் வரியை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பது. குறில் நெடில் குறியில்லாமல் அப்படி எழுதும்போது மலைக்கும் மாலைக்கும் ஒரே ஐந்து எழுத்துகள்தான் வருகின்றன. பாடுபவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் சுரத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் சொல்லை ஊகிப்பார். சுரமே தவறு என்றால் ஊகமும் தவறு.

கடைசியாகக் கணினி. பதிவான குரலைத் தாளக் கட்டத்துக்குள் இழுத்து ஒழுங்கு செய்யும்போது கட்டத்தை அரைத் தட்டாக வைத்தால், பாடகர் சரியாக 1 பங்கில் விட்ட குறிலும் 2 பங்குக்கு இழுபட்டுவிடும். ஓரிரு பாடல்களில் ஒரே சொல் ஓரிடத்தில் சரியாகவும் அடுத்த இடத்தில் நீண்டும் ஒலிப்பதைக் கேட்டால் இதுதான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. கட்டம் கால் தட்டாக இருக்க வேண்டும்.

குறிலை நீட்டுவது தமிழ் மரபிலேயே உண்டு, ‘கெடுப்பதூஉம்’ என்று குறளே நீட்டவில்லையா என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிகிறோம். உண்மைதான், அது இன்னிசை அளபெடை. ஆனால் எங்கே நீள்கிறது என்று பாருங்கள். ‘கெ’ நீளவில்லை, சொல்லின் கடைசியில் ‘உம்’ ஒட்டும் இடம் நீள்கிறது. கெடுப்பது என்ற சொல் முழுதாகக் காதில் விழுந்த பிறகுதான் நீட்டம் வருகிறது, பொருள் மயங்க இடமில்லை. கச்சேரியில் நிரவலில் ஒரு குறில் மேல் பத்துச் சுரம் பாடுவதும் இதே காரணத்தால் உறுத்துவதில்லை. வரியை முதலில் ஒருமுறை உரிய அளவில் பாடிக் காட்டிவிட்டுத்தான் விரிக்கிறார்கள். முதல் முறையிலேயே ‘நீலா’ என்று கேட்கும் குழந்தைக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நீட்டல் குறுக்கலில் கைவைக்கக் கூடாது என்ற உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். புதிய ஒலிப்பதிவு வரும்வரை, சுரத்தையும் மொத்தப் பங்கையும் மாற்றாமல் தட்டுக்குள் பங்கை மட்டும் மாற்றிக் கற்றுத்தர அனுமதி வேண்டும்.

தொகுப்பின் எல்லாப் பாடல்களையும் ஒருமுறை சோதியுங்கள். வரியைப் பார்க்காத ஒருவரிடம் பாடலைக் கேட்கக் கொடுத்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள். குறிலை நெடிலாகவோ நெடிலைக் குறிலாகவோ எழுதும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது என்றால், நீட்டினால் வேறு சொல்லாகிவிடும் இடங்களை முதலில் எடுங்கள். ‘கடல்’ ‘காடல்’ ஆனால் காதுக்கு உறுத்தும், ஆனால் புரிந்துவிடும். ‘மலை’ ‘மாலை’ ஆனால் புரியாது.

அப்படித் திருத்திய பாடல்களில் குரலை மட்டும் மறுபடி பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தட்டின் மொத்தமும் மாறாததால் தாளமும் பின்னணி வாத்தியங்களும் இருப்பது போலவே இருக்கலாம். குரலோடு ஒட்டியே வாசிக்கும் புல்லாங்குழல் இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் குழல் ‘நீலா’ என்றும் குரல் ‘நிலா’ என்றும் மோதிக்கொள்ளும்.

இனி வரும் பாடல்களுக்கு ஒவ்வொரு சரணத்துக்கும் தனியாகச் சுரக்குறிப்பு எழுதுங்கள், ‘மேற்படி மெட்டு’ வேண்டாம். பாடுபவர் கையில் தமிழ் எழுத்தில் வரி இருக்கட்டும். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்றால் நெடிலுக்கு மேல் கோடிட்ட எழுத்துகளில் கொடுங்கள்.

பாடலாசிரியரை ஒலிப்பதிவின்போது உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறில் நீண்டால் பதிவை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் வரியும் இரண்டாம் சரணமும் எப்படி அமையலாம் என்று மேலே எழுதிக் காட்டியிருக்கிறோம். மற்றப் பாடல்களுக்கும் இதே போல் பங்கு பிரித்து எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். எந்தப் பாடலை முதலில் எடுப்பது என்பதை மட்டும் நீங்கள் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறுவர்க்குப் பாட்டு கற்றுத்தருவோர்